மனைவியின் பெயருக்குப் பின்னால் என் பெயர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். தம்போயில் நான் வைத்திருக்கும் கார் ஏர்கான் பட்டறையில் ஸ்பேனர் கைநழுவி விழுந்தால்கூட ஸ்பேனரைத்தான் திட்டுவேன். அதனால் அந்தச் சனிக்கிழமை காலை யாரையாவது திட்ட வேண்டும் என்று ஆள் தேடி அலைந்தேன். ஒருவரும் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்த ஆள் நான்தான்.

என் மனைவி ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனையில் கோப்புப் பிரிவில் வேலை செய்கிறாள். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய கோப்பை வாங்கி, தாள்களை அடுக்கி, பெயரும் ஐசி என்கிற அடையாள அட்டையின் எண்ணும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து அலமாரியில் வைக்கும் வேலை. பதினோரு வருடமாக அதையேதான் செய்துகொண்டிருந்தாள். அதே பிரிவில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு வேலை இருக்கிறது. கோப்பைப் படித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எண்குறியீட்டைப் போட வேண்டும். கோடர் என்று சொல்வார்கள். அந்த நாற்காலி ஒன்று காலியாகப் போகிறது, வெளிநாட்டு அமைப்பு ஒன்று நடத்தும் தேர்வில் தேறிய சான்றிதழை மாத முடிவுக்குள் கொண்டுவந்தால் உனக்குத்தான் என்று அவளுடைய மேலாளர் அம்மா சொல்லியிருந்தார்.

இரண்டு வருடம் படித்தாள். விடிவதற்கு முன்னால் எழுந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து, தலையணை கனத்தில் இருக்கும் குறியீட்டுப் புத்தகத்தைப் புரட்டுவாள். நான் பல் துலக்க வரும்போது "எலும்பு முறிவுக்கு மட்டும் எத்தனை குறியீடு இருக்கு தெரியுமா?" என்பாள். "அலமாக், கை உடைஞ்சா உடைஞ்சதுதானே" என்பேன். சிரித்துக்கொண்டு மறுபடி குனிந்துவிடுவாள்.

தேர்வுக்குப் பதிந்தது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய மின்னஞ்சல் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. "நீ வேலையப் பாரு, நான் போட்டுடறேன்" என்று மடிக்கணினியைத் திறந்தேன். "இருங்க, கையக் கழுவிட்டு ஐசி எடுத்துட்டு வரேன்" என்றாள். "ஏம்மா, பதினாலு வருஷமா குடும்பம் நடத்தறேன், எனக்கு உன் பேர் தெரியாதா?" என்றேன். ரொம்பப் பெருமையாகச் சொன்னேன் என்று நினைவு.

விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் பெயர் என்று ஒன்று. அதில் அவள் பெயரைப் போட்டேன். குடும்பப் பெயர் என்று இன்னொன்று. எந்தக் குடும்பம்? எங்கள் குடும்பம்தான். என் பெயரைப் போட்டேன். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வந்த எல்லா அழைப்பிதழிலும் அவள் அப்படித்தான் இருந்தாள். கோயில் திருவிழா உபயக்காரர் பட்டியலில் அப்படித்தான். எங்கள் மகளின் காதணி விழாப் பத்திரிகையில் அப்படித்தான். மின்னஞ்சல் முகவரி கேட்டது, என்னுடையதைக் கொடுத்தேன். அவள் மீனை எண்ணெயில் போடுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

தேதி எடுத்ததும் நான்தான். பதிந்த நாளிலிருந்து சில மாதங்களுக்குள் எழுதிவிட வேண்டும், அதற்குப் பிறகு தேர்வு அனுமதி செல்லாது. முதலில் ஒரு தேதி எடுத்தேன். அன்றைக்குச் சிம்பாங் ரெங்கத்தில் என் தம்பி வீட்டுக் குடிபுகல் வந்தது. மாற்றினேன். மாற்றி மாற்றி அனுமதி முடிகிற கடைசி நாளுக்குக் கொண்டுபோய் வைத்தேன். "கடைசி நாளா?" என்று மட்டும் கேட்டாள். "படிக்க இன்னும் டைம் கெடைக்குது லா" என்றேன்.

தேர்வு காலை பத்து மணிக்கு. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, பேச்சுச் சத்தம் கேட்கக் கூடாது, மேசையில் அனுமதித்த புத்தகங்கள் தவிர ஒரு துண்டுத் தாள்கூடக் கூடாது. மகளை முந்தின நாளே ஆயர் ஈத்தாமில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். படுக்கையறையில் மேசையைப் போட்டு, சுவரில் இருந்த நாட்காட்டியைக் கழற்றி, தொலைக்காட்சியின் வயரைப் பிடுங்கி எல்லாம் தயார் செய்தேன். அவள் வேலைக்குப் போகும் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டில் இருந்தே எழுதுகிற தேர்வுக்கு எதற்குச் சேலை என்று கேட்டேன். "பரீட்சைதானே" என்றாள்.

ஒன்பதரைக்கு நுழைவு திறந்தது. மின்னஞ்சலில் வந்திருந்த அனுமதிக் குறியீட்டை நான் படிக்க, அவள் தட்டினாள். ஏற்றுக்கொண்டது. அடுத்த படியில் திரை கறுப்பாகிவிட்டது. கேமராவைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று ஒரு வரி மட்டும் நின்றது.

"போன மாசம் சோதிச்சப்ப நல்லாத்தானே வேலை செஞ்சுச்சு?" என்றாள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பட்டறைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர், கேமரா வழியாகத் திருடர்கள் வீட்டுக்குள் பார்க்கிறார்கள் என்று கதை சொன்னார். வீட்டுக்கு வந்து அமைப்புகளுக்குள் போய்க் கேமரா அனுமதியை மொத்தமாக நிறுத்தி வைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. "ஒண்ணுமில்ல, நகரு" என்று உள்ளே போய், தனியுரிமைப் பகுதியைத் தேடிப் பிடித்து, கேமராவுக்கு அனுமதியைத் திருப்பிக் கொடுத்தேன். மென்பொருளை மூடித் திறந்து, குறியீட்டை மறுபடி தட்டினோம். திரையில் அவள் முகம் வந்தது. எனக்கு உயிர் வந்தது. ஏதோ பெரிய எஞ்சினையே தூக்கி நிறுத்தியவன் மாதிரி அவள் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே அவள் முகத்தைப் படம் எடுத்துக்கொள்வதும், ஐசியைக் கேமராவுக்கு முன்னால் பிடிப்பதும், மடிக்கணினியைத் தூக்கி அறையின் நான்கு பக்கமும் காட்டுவதும் சத்தத்திலேயே தெரிந்தது. பிறகு அமைதி. வரிசையில் காத்திருக்கச் சொன்னார்கள் போலிருக்கிறது. மணி ஒன்பது ஐம்பது.

ஒரு பெண் குரல் கேட்டது. ஆங்கிலம், எந்த நாட்டு ஆங்கிலம் என்று தெரியவில்லை, மரியாதையான குரல். குட் மார்னிங் சொல்லிவிட்டு, முழுப் பெயரைச் சொல்லச் சொன்னது. என் மனைவி சொன்னாள். அவள் பெயர், 'அனாக் பெரெம்புவான்', என் மாமனார் பெயர். இன்னாருடைய மகள் இன்னாள். மலேசியாவில் நம் எல்லாருக்கும் பிறந்த நாளிலிருந்து ஐசியில் இருப்பது அப்படித்தானே. எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை.

அந்தக் குரல் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தது. பிறகு, "மேம், நீங்கள் காட்டிய அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகவில்லை" என்றது.

கதவுக்கு வெளியே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பதிவில் என்ன பெயர் இருக்கிறது?" என்று என் மனைவி ஆங்கிலத்தில் கேட்டாள். குரல் வாசித்தது. அவள் பெயர். அடுத்து என் பெயர்.

பதினோரு வருடமாக மற்றவர்கள் தாளில் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்தவள் அவள். ஒரு தாளில் பெயர் மாறியிருந்தால் அந்தக் கோப்பையே வார்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவாள். அது எத்தனை பெரிய விஷயம் என்று அந்த வீட்டில் அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அதனால்தானோ என்னவோ அவள் அந்தப் பெண்ணிடம் வாதாடவே இல்லை. அந்தப் பெயரோடு வேறு அரசாங்க அடையாள அட்டை ஏதாவது இருக்கிறதா, படத்தோடு இருக்க வேண்டும், பத்தேகால் வரைக்கும் நுழைவு திறந்திருக்கும் என்று குரல் சொன்னது. எழுந்து போய்த் தேடலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு அவள் கதவைத் திறந்தாள்.

என் முகத்தைப் பார்த்தாள். "உங்க பேரையா போட்டீங்க?" என்றாள். கத்தவில்லை. நம்ப முடியாமல் கேட்டாள்.

"குடும்பப் பேருன்னு கேட்டுச்சு..." என்றேன்.

அவள் கூடத்து அலமாரிக்குப் போனாள். நானும் ஓடினேன். முக்கியமான தாள்கள் எல்லாம் இருக்கும் பிஸ்கட் டின்னைத் தரையில் கொட்டினோம். பாஸ்போர்ட். அவள் பெயர், அவள் அப்பா பெயர். ஓட்டுநர் உரிமம். அவள் அப்பா பெயர். மருத்துவமனை அட்டை, வங்கி அட்டை, மகளின் பிறப்புப் பத்திரத்தில் தாய் பெயர் என்ற இடம், எல்லாவற்றிலும் அவள் அப்பா. திருமணப் பத்திரத்தை எடுத்துப் பிரித்தேன். அதில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம், ஆனால் அவள் அவள் அப்பாவின் மகளாக, நான் என் அப்பாவின் மகனாக.

எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. "இருக்கும், எங்கயாவது இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இழுப்பறைகளைத் திறந்தேன். கல்யாண ஆல்பத்தைக்கூட வெளியே எடுத்தேன். அதன் அட்டையில் எங்கள் இரண்டு பெயரும் தங்க எழுத்தில் இருந்தன. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், இதைக் கேமராவில் காட்ட முடியாது என்று புரிந்தது. பதினாலு வருடமாக இதுதான் இவள் பெயர் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி ஒரு பெயர் அரசாங்கத்தின் எந்தத் தாளிலும் இல்லை. அவள் ஒரு நாளும் அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டதில்லை. நாங்களாக, எங்கள் பக்கத்து ஆட்களாக அச்சடித்துக்கொண்ட பெயர் அது.

"இது செல்லாதுங்க. வைங்க" என்றாள். திருமணப் பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு திறந்தே இருந்தது. அவள் விளக்கினாள், இது என் கணவர் பெயர், விண்ணப்பத்தை அவர் நிரப்பினார், இதோ பத்திரம். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். மேலதிகாரியிடம் கேட்கிறேன் என்று போய்விட்டு வந்தாள். மணி பத்து பத்து. "சாரி மேம். இதில் படம் இல்லை, அந்தப் பெயரும் இல்லை. பெயரை மாற்றும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. தேர்வு நடத்தும் அமைப்புதான் மாற்ற முடியும், அதுவும் தேர்வு நாளுக்கு முன்பே."

என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே பாய்ந்துவிட்டேன். கேமராவுக்கு முன்னால் குனிந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஐ ஹஸ்பன்ட். மை மிஸ்டேக். நாட் ஹெர் மிஸ்டேக்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. திரையில் என் முகம் சிவந்து, வேர்த்து, அவள் முகத்தை மறைத்துக்கொண்டு தெரிந்தது.

"புரிகிறது சார்" என்றது அந்தக் குரல். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். "இன்று இவரை அனுமதிக்க முடியாது. புகார் எண் ஒன்று தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்."

மேசையில் தாள் கிடையாது, நாங்கள்தான் எல்லாவற்றையும் அகற்றியிருந்தோமே. அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எண்ணை எழுதிக்கொண்டாள். நன்றி சொன்னாள். அந்த நேரத்திலும் நன்றி சொன்னாள்! திரை மூடிக்கொண்டது.

நான் விடவில்லை. மென்பொருளைத் திறந்து குறியீட்டைத் தட்டினேன். நுழைவு நேரம் முடிந்துவிட்டது, இந்தக் குறியீடு இனிச் செல்லாது என்று வந்தது. மறுபடி தட்டினேன். தப்பாகத் தட்டியிருப்பேன் என்று மூன்றாவது தடவை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துத் தட்டினேன். அதே வரி. அந்த அமைப்பின் அலுவலக எண்ணுக்குப் போன் செய்தேன். அங்கே அப்போது வெள்ளிக்கிழமை இரவு, திங்கட்கிழமை கூப்பிடுங்கள் என்று இயந்திரம் பேசியது. திங்கட்கிழமை தேர்வு அனுமதியே இருக்காது.

"எவ்ளோ அநியாயம் பாரு! மனுசனுக்கு மனுசன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பேர்ல என்ன இருக்கு, மூஞ்சிதான் தெரியுதே!" என்று கத்தினேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பொண்ணு சரியாத்தான் செஞ்சுச்சு. நானா இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். "உங்க மெயிலத் தொறங்க. புகார் எழுதணும்."

திறந்தேன். அவள் தேடும் கட்டத்தில் அந்த அமைப்பின் பெயரைத் தட்டினாள். நான்கு கடிதங்கள் வந்து நின்றன. அனுமதிக் குறியீடு இருந்ததை மட்டும் நான் படித்திருந்தேன். மற்ற மூன்றும் தடித்த எழுத்தில், திறக்கப்படாமல் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பதிவில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்தத் தேதிக்குள் எழுதுங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று முதல் கடிதம். இரண்டாவது அதையே நினைவூட்டியது. மூன்றாவதில் அவள் பெயரையும் என் பெயரையும் பெரிய எழுத்தில் போட்டு, இது சரியா என்று கேட்டிருந்தார்கள்.

அந்த மூன்று கடிதங்களும் வந்தது எனக்குத் தெரியும். பட்டறையில் கை எண்ணெயோடு போனைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று விட்டவை. இரண்டு வருடம் விடியற்காலையில் எழுந்தவளுக்கு வந்த கடிதங்கள் அவை. அவளிடம் ஒன்றைக்கூட நான் காட்டவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கடிதம் எழுதினாள். உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து எண்ணைச் சேர்த்தாள். அனுப்பியதும் எழுந்து போய்ச் சேலையை மாற்றினாள்.

அடுத்த வாரம் பதில் வந்தது. ஐசி நகல் அனுப்பினால் பெயரைத் திருத்தித் தருவார்கள், ஆனால் பழைய அனுமதி முடிந்துவிட்டது, புதிதாகத்தான் பதிய வேண்டும். மாத முடிவு வந்தது. அந்த நாற்காலிக்கு மலாக்காவிலிருந்து சான்றிதழோடு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நல்ல பெண்ணாம். அவளுக்குக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று முதல் நாள் சுற்றிக் காட்டியது என் மனைவிதான். இதை அவள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள், ரசம் ஊற்றிக்கொண்டே.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. காலையில் நான் எழும்போது அவள் மேசையில் இருந்தாள், புத்தகம் திறந்திருந்தது. இன்னும் படிக்கிறாளே, பாவம், மறுபடி எப்போது பதிவது என்று என்னிடம் கேட்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை ஐசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் போட வேண்டும் என்று மனத்துக்குள் முடிவும் செய்திருந்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு மாலை, பட்டறையிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு தாள் இருந்தது. தேர்ச்சிச் சான்றிதழ். அவள் பெயர், அவள் அப்பா பெயர், ஐசியில் இருக்கிற மாதிரியே. தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது. மதிய ஷிப்ட் என்று சொல்லிவிட்டு அவள் சீக்கிரமே கிளம்பிப்போன ஒரு நாள் அது. மருத்துவமனையில் மேலாளர் அம்மாவின் அறையைக் கேட்டு வாங்கி, அங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். நாற்காலி எதுவும் காலி இல்லை, அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் எழுதியிருக்கிறாள்.

சந்தோஷத்தில் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. "ஏம்மா, மூணு வாரமாச்சு. பரீட்சைக்குப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?" என்றேன்.

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை.

"சொன்னா நீங்க உதவி பண்ணுவீங்க" என்றாள்.